வீட்டுக் கடன் இ.எம்.ஐ.யில் எவ்வளவு வட்டி, எவ்வளவு அசல்? பெங்களூரில் முதல் கடன் வாங்குவோருக்கு ஒரு கணக்கு வழிகாட்டி

கடன் வாங்கி ஒரு வருடம் ஆனதும் பேங்கிலிருந்து ஸ்டேட்மென்ட் வரும். கட்டியது ஐந்து லட்சத்துக்கு மேல், அசலில் கழிந்தது ஒரு லட்சம்கூட இல்லை. பார்த்தவுடன் பெரும்பாலானோர் சொல்வது, "பேங்க் மொத்த வட்டியையும் முதல்லயே எடுத்துக்கிறாங்க" என்பதுதான். இந்த நம்பிக்கை தவறு. தவறு என்பதோடு போனால் பரவாயில்லை, இதை வைத்துப் பலர் லட்சக்கணக்கில் இழக்கும் முடிவுகளை எடுக்கிறார்கள். பத்து வருடம் ஓடிவிட்டது, இனி முன்கூட்டிக் கட்டிப் பயனில்லை என்று விட்டுவிடுகிறார்கள். வட்டி ஏறும்போது இ.எம்.ஐ. மாறவில்லையே என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள்.

பேங்க் ஒவ்வொரு மாதமும் எடுப்பது அந்த ஒரு மாதத்து வட்டியை மட்டும்தான். நிலுவை அசல் பெரிதாக இருக்கும்போது அந்த வட்டியும் பெரிதாக இருக்கிறது, அவ்வளவே. இதை நீங்களே போட்டுப் பார்த்துவிட்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

உதாரணத்துக்கு சர்ஜாபூர் ரோடு பக்கம் 65 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட், அதற்கு 50 லட்சம் கடன், மாறும் வட்டி 8.5 சதவீதம், 20 வருடம் என்று வைத்துக்கொள்வோம். கடைசிவரை இதே கணக்குதான்.

1. முதலில் கையில் இருக்க வேண்டிய தாள்கள்

கடனை அனுமதித்து பேங்க் கொடுக்கும் சாங்ஷன் லெட்டர் மட்டும் போதாது. அதில் தொகை, வட்டி, வருடம் இருக்கும், மாதவாரிப் பிரிப்பு பெரும்பாலும் இருக்காது. மூன்று தாள்களைக் கேட்டு வாங்குங்கள்.

முதலாவது, முக்கிய விவர அறிக்கை. பேங்கில் கே.எஃப்.எஸ். என்றால் தெரியும். 2024 அக்டோபர் 1 முதல் புதிதாகக் கொடுக்கும் எல்லா சில்லறைக் கடன்களுக்கும் இதைக் கொடுத்தாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. கட்டணங்களையும் சேர்த்த உண்மையான ஆண்டுச் செலவு விகிதமும், தவணை அட்டவணையும் இதோடு வரும். கையெழுத்துப் போடும் முன் படிக்க வேண்டியது இதைத்தான். பேங்குக்கு ஆள் பிடித்துத் தரும் டி.எஸ்.ஏ. ஏஜெண்ட் வாட்ஸ்ஆப்பில் அனுப்பும் கணக்குப் படத்தை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

இரண்டாவது, தவணை அட்டவணை. 240 வரிசைகள், ஒவ்வொன்றிலும் வட்டி, அசல், நிலுவை. பணம் முழுதும் கொடுத்து முடித்தபின் இறுதி அட்டவணையைத் திரும்ப வாங்குங்கள், ஏனென்றால் கொடுத்த தேதிக்கு ஏற்ப அது மாறியிருக்கும்.

மூன்றாவது, கடன் கணக்கு ஸ்டேட்மென்ட். அட்டவணை என்பது திட்டம். ஸ்டேட்மென்ட் என்பது உண்மையில் நடந்தது. இரண்டையும் ஒப்பிடுவதுதான் உங்கள் வேலை. மாறும் வட்டிக் கடன்களுக்குக் காலாண்டுக்கு ஒருமுறை, இதுவரை வசூலான அசல், வட்டி, இ.எம்.ஐ. தொகை, மீதி தவணைகள் ஆகியவற்றைக் காட்டும் அறிக்கை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் உத்தரவிட்டது. பெரும்பாலும் நெட்பேங்கிங்கிலோ மெயிலிலோ வந்து திறக்கப்படாமலே கிடக்கும்.

2. முதல் மூன்று மாதத்தைக் கையால் போடுங்கள்

ஆண்டு வட்டி 8.5 சதவீதம் என்றால் மாதத்துக்கு 0.70833 சதவீதம். 50 லட்சம், 240 மாதத்துக்கு இ.எம்.ஐ. 43,391 ரூபாய்.

முதல் மாதம்: 50,00,000 மீது ஒரு மாத வட்டி 35,416.67. கட்டிய 43,391-இல் இது போக மிஞ்சுவது 7,974. அதுதான் அசலில் கழியும். நிலுவை 49,92,026.

இரண்டாம் மாதம்: வட்டி இப்போது 49,92,026 மீதுதான். 35,360.18 வரும். அசலுக்கு 8,031. நிலுவை 49,83,995.

மூன்றாம் மாதம்: வட்டி 35,303, அசல் 8,088.

இங்கே கொஞ்சம் நின்று பாருங்கள். இரண்டாம் மாதத்து வட்டி முதல் மாதத்தைவிட 56 ரூபாய் சொச்சம் குறைவு. அந்த 56 ரூபாய் எங்கிருந்து வந்தது? முதல் மாதம் கழித்த 7,974 ரூபாய்க்கு இனி வட்டி கிடையாது, 7,974-இன் 0.70833 சதவீதம்தான் அது. இ.எம்.ஐ. மாறாததால் அந்த 56 ரூபாய் அப்படியே அசல் பக்கம் சேருகிறது. அடுத்த மாதம் அதைவிடச் சற்று அதிகம் சேரும். இப்படி அசல் பங்கு மாதாமாதம் 0.70833 சதவீதம் வளர்கிறது. தொடக்கத்தில் நத்தை வேகம், கடைசியில் ஓட்டம். 240-ஆம் தவணையில் வட்டி வெறும் 305 ரூபாய்தான்.

இதில் எந்த மாதத்திலும் பேங்க் வருங்கால வட்டியை முன்கூட்டி எடுக்கவில்லை. 20 வருடத்துக்கு இழுத்ததால் முதல் மாத இ.எம்.ஐ.யில் வட்டி போக மிஞ்சுவது சிறிதாக இருக்கிறது. காரணம் அவ்வளவுதான்.

240 மாதத்தையும் கையால் போட வேண்டாம். எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸில் இவற்றைப் போட்டால் வரும்:

```
=PMT(8.5%/12,240,-5000000)
=IPMT(8.5%/12,1,240,-5000000)
=PPMT(8.5%/12,1,240,-5000000)
```

முதல் வரி இ.எம்.ஐ. இரண்டாவது முதல் மாத வட்டி, மூன்றாவது முதல் மாத அசல். அந்த 1 இருக்கும் இடத்தில் 60 என்று போட்டால் அறுபதாவது மாதத்துக் கணக்கு வரும். பலர் தவறுவது 12 ஆல் வகுக்க மறப்பதிலும், 240-க்குப் பதிலாக 20 என்று போடுவதிலும்தான். விடை அபத்தமாக வந்தால் முதலில் இந்த இரண்டையும் பாருங்கள்.

இதே கணக்கில் முதல் வருடம் கட்டுவது சுமார் 5.21 லட்சம். அதில் வட்டி 4.21 லட்சம், அசல் சுமார் 99,500. ஐந்து வருடம் முடியும்போது நிலுவை 44.06 லட்சம். பத்து வருடம், அதாவது பாதிக் காலம் முடியும்போதும் நிலுவை 35 லட்சம் இருக்கும். பாதிக் கடன் அடைவது 166-ஆவது தவணையில், 13 வருடம் 10 மாதத்தில்தான். ஐந்து, ஆறு வருடத்தில் ஃபிளாட்டை விற்றுவிட்டு ஊருக்குத் திரும்பலாம் என்று இருப்பவர்கள் இந்த வரிகளை இன்னொரு தடவை படியுங்கள். விற்ற பணத்தில் முதலில் போவது இந்த 44 லட்சம்.

3. அசல் எப்போது வட்டியை முந்தும்?

நம் உதாரணத்தில் 143-ஆவது தவணையில். அதாவது 12-ஆம் வருடத்தின் 11-ஆம் மாதம்.

இந்த எண்ணைவிட இதன் பின்னால் இருக்கும் விதி பயனுள்ளது. ஒரு தவணையில் அசலின் பங்கு எவ்வளவு என்பதைக் கடன் தொகை தீர்மானிப்பதில்லை. எத்தனை வருடம் கட்டிவிட்டீர்கள் என்பதும் தீர்மானிப்பதில்லை. இன்னும் எத்தனை தவணை பாக்கி, வட்டி விகிதம் என்ன, இந்த இரண்டு மட்டும்தான். 8.5 சதவீத வட்டியில் பாக்கித் தவணை 98 அல்லது அதற்குக் கீழே வந்துவிட்டால் அசல் பங்கு வட்டியைவிடப் பெரிது. 20 லட்சம் கடனானாலும் 2 கோடியானாலும் அதே 98. வட்டி 9.5 சதவீதமானால் இந்த எல்லை 87 தவணை, 7.5 சதவீதமானால் 111.

இதை வைத்து எந்தக் கடனையும் நொடியில் எடை போடலாம். 8.5 சதவீதத்தில் 10 வருடக் கடன் என்றால் 120 தவணை. 23-ஆவது தவணையிலேயே அசல் முந்திவிடும். ஐந்து வருடக் கார் கடன் என்றால் முதல் தவணையிலேயே கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு அசலுக்குப் போகும். 30 வருடக் கடன் என்றால் 262-ஆவது தவணை வரை, ஏறக்குறைய 22 வருடம், வட்டிதான் பெரும் பங்கு. "30 வருஷம் போட்டுக்கோங்க சார், இ.எம்.ஐ. குறையும்" என்று சொல்பவர் இதைச் சொல்ல மாட்டார்.

இந்த விதியை மனதில் வையுங்கள். 6-ஆம், 8-ஆம் படிகளில் வரும் இழப்புகள் இரண்டுக்கும் வேர் இதுதான்.

4. சாவி கைக்கு வரும் முன் கட்டுவது

கட்டிக்கொண்டிருக்கும் அபார்ட்மெண்ட் என்றால் பேங்க் 50 லட்சத்தையும் ஒரேயடியாகக் கொடுக்காது. தளம் தளமாக பில்டர் டிமாண்ட் லெட்டர் அனுப்ப, அதற்கேற்ப விடுவிக்கும். அதுவரை விடுவித்த தொகைக்கு வட்டி மட்டும் கட்டுவீர்கள். இதற்குப் பெயர் ப்ரீ-இ.எம்.ஐ. பெயரில் இ.எம்.ஐ. இருந்தாலும் இதில் ஒரு ரூபாய்கூட அசலுக்குப் போகாது, 240 தவணையில் ஒன்றுகூடக் கழியாது. இரண்டு வருடக் கட்டுமானத்தில் சராசரியாக 25 லட்சம் விடுவித்திருந்தால் 4.25 லட்சம் வட்டி போயிருக்கும். அதன் பிறகுதான் முதல் தவணை தொடங்கும்.

முழு இ.எம்.ஐ.யை முதல் நாளிலிருந்தே கட்டும் வசதி சில பேங்குகளில் உண்டு. 10 லட்சம் மட்டும் விடுவித்திருக்கும் மாதத்தில் வட்டி 7,083, முழு இ.எம்.ஐ. கட்டினால் மீதி 36,308 அப்படியே அசலில் கழியும். கணக்குப்படி இது சிறந்தது. ஆனால் பெங்களூரில் வீட்டு வாடகையும் கட்டிக்கொண்டு இதைக் கட்டுவது எல்லோராலும் முடியாது. பில்டர் இழுத்தடிக்கும் ஆபத்தும் இருக்கிறது. கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் இருந்தால் மட்டும் இந்த வழியில் போங்கள்.

இன்னொரு சின்ன அதிர்ச்சி, உடைந்த கால வட்டி. பணம் விடுவித்த நாளுக்கும் இ.எம்.ஐ. சுழற்சி தொடங்கும் நாளுக்கும் இடைப்பட்ட நாட்களுக்கான வட்டி இது. 50 லட்சத்துக்கு ஒரு நாள் வட்டி 1,164 ரூபாய். 19 நாள் இடைவெளி என்றால் 22,123. முதல் மாதம் இது தனியாகப் பிடிக்கப்படும்போது பலர் இதை மறைமுகக் கட்டணம் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை, நியாயமான வட்டிதான். பதிவு நாள் நெருங்கும்போது சேமிப்புக் கணக்கைச் சுத்தமாகத் துடைத்துவிடாதீர்கள், அவ்வளவே.

5. ஸ்டேட்மென்ட் அட்டவணையோடு ஒத்துப்போகாதபோது

அட்டவணையில் வட்டி 35,417 என்று இருக்கும், ஸ்டேட்மென்டில் வேறு எண் இருக்கும். உடனே சண்டைக்குப் போக வேண்டாம். முதலில் பேங்க் எப்படிக் கணக்கிடுகிறது என்று கேளுங்கள்: மாத நிலுவை மீதா, தினசரி நிலுவை மீதா? தினசரி என்றால் 50 லட்சத்துக்கு 31 நாள் மாதத்தில் வட்டி சுமார் 36,096, பிப்ரவரியில் 32,603. மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும், வருடக் கூட்டலில் அட்டவணைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு. வட்டித் தொகை தொடர்ந்து மூன்று மாதம் அட்டவணையைவிட அதிகமாக இருந்தால் வட்டி விகிதம் ஏறியிருக்கிறது. நிலுவை அசல் திடீரென ஒரு மாதம் கூடியிருந்தால் ஏதோ கட்டணமோ இன்ஷூரன்ஸ் பிரீமியமோ கடனில் சேர்த்திருக்கிறார்கள். கடன் காப்பீட்டுப் பிரீமியத்தை அசலோடு சேர்த்தால் அதற்கும் 20 வருடம் வட்டி ஓடும். பணம் கட்டிய பதிவு இருந்தும் அசல் குறையவே இல்லை என்றால், அது முன்பணமாகத் தனியாக நிற்கிறது என்று பொருள். அதை 7-ஆம் படியில் பார்ப்போம்.

வருமான வரிக்கு பேங்க் இரண்டு சான்றிதழ் தரும். டிசம்பர், ஜனவரியில் ஆபீஸில் கொடுக்கத் தற்காலிகச் சான்றிதழ், நிதியாண்டு முடிந்ததும் இறுதிச் சான்றிதழ். நடுவில் வட்டி மாறியிருந்தாலோ முன்கூட்டிக் கட்டியிருந்தாலோ இரண்டிலும் எண் வேறாக இருக்கும்; ரிட்டர்னில் போட வேண்டியது இறுதிச் சான்றிதழின் எண். பழைய வரி முறையில் இருப்பவருக்கு, தானே குடியிருக்கும் வீட்டின் வட்டிக்கு வருடத்துக்கு 2 லட்சம்தான் உச்சவரம்பு. முதல் வருட வட்டி 4.21 லட்சத்தில் பாதிக்கு மேல் வரிச் சலுகை கிடையாது. "வரி மிச்சமாகுது, அதனால கடனை அடைக்காதீங்க" என்ற அறிவுரையை இந்த எண்ணோடு வைத்துப் பாருங்கள்.

6. வட்டி விகிதம் ஏறும்போது: பலர் சத்தமில்லாமல் இழக்கும் இடம்

2019 அக்டோபருக்குப் பிறகு பேங்குகளில் வாங்கிய மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரிசர்வ் வங்கி பேங்குகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ போன்ற வெளி விகிதத்தோடு இணைக்கப்பட்டவை. ரெப்போ 2022 மே தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்து 2023 பிப்ரவரியில் 6.5 ஆனது. அப்போது பலருக்கு இ.எம்.ஐ. ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. பேங்க் தவணைக்காலத்தை நீட்டிவிட்டது. இரண்டு வருடம் கழித்து ஸ்டேட்மென்டைப் பார்த்தால் பாக்கித் தவணை தொடங்கியதைவிட அதிகமாக இருந்தது.

நம் உதாரணத்தில் ஐந்து வருடம் முடிந்து நிலுவை 44,06,360, பாக்கி 180 தவணை. வட்டி 8.5-லிருந்து 9.5 ஆகிறது. இ.எம்.ஐ. அதே 43,391 என்றால் பாக்கி எத்தனை தவணை?

```
=NPER(9.5%/12,-43391,4406360)
```

206.6 என்று வரும், அதாவது 207 தவணை. இரண்டு வருடம் மூன்று மாதம் கூடிவிட்டது. அதே 180 தவணையில் முடிக்க வேண்டுமானால் இ.எம்.ஐ. 46,012 ஆக வேண்டும். மாதம் 2,621 கூடுதல். கடைசிவரை கூட்டிப் பார்த்தால், இ.எம்.ஐ.யைக் கூட்டிக்கொள்பவர் தவணையை நீட்டிக்கொள்பவரைவிடச் சுமார் 6.8 லட்சம் குறைவாகக் கட்டுவார்.

கடன் வாங்கிய புதிதில் வட்டி ஏறினால் நிலைமை இன்னும் மோசம். முதல் மாதத்திலேயே 9.5 ஆனால் வட்டி 39,583, அசலுக்கு 3,808 மட்டும். 10.5 ஆனால் வட்டி 43,750, இ.எம்.ஐ.யே போதாது. ஒவ்வொரு மாதமும் கட்டியும் கடன் வளரும். நீட்டிக்கும்போது இப்படி ஒரு நிலை வரக்கூடாது என்று 2023 ஆகஸ்ட் உத்தரவில் ரிசர்வ் வங்கி தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதே உத்தரவுப்படி வட்டி ஏறும்போது இ.எம்.ஐ.யைக் கூட்டவா, தவணையை நீட்டவா, இரண்டையும் கலக்கவா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது.

செய்ய வேண்டியது: வட்டி மாற்றம் பற்றி மெசேஜ் வந்த வாரமே பேங்குக்கு மெயில் அனுப்புங்கள். "பாக்கித் தவணை எண்ணிக்கையை மாற்றாமல் இ.எம்.ஐ.யைத் திருத்துங்கள், திருத்திய அட்டவணையை அனுப்புங்கள்" என்று எழுதினால் போதும். ஒரு கண்ணி உண்டு: தானாகப் பணம் எடுக்க நீங்கள் கொடுத்த நாச் மேண்டேட்டில் ஓர் உச்சத் தொகை இருக்கும். புதிய இ.எம்.ஐ. அதைத் தாண்டினால் பணம் எடுபடாமல் பவுன்ஸ் ஆகும், அபராதம் விழும், சிபில் ஸ்கோரும் அடிபடும். மேண்டேட் தொகை என்ன என்று அதே மெயிலில் கேட்டுவிடுங்கள்.

வட்டி இறங்கும்போது இதற்கு நேர்மாறாக நடக்கட்டும். இ.எம்.ஐ.யைக் குறைக்கச் சொல்லாதீர்கள். பழைய தொகையையே கட்டினால் தவணைகள் தானாகக் குறையும்.

7. முன்கூட்டிக் கட்டும்போது (பார்ட் பேமென்ட்)

மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனுக்கு முன்கூட்டிக் கட்டுவதற்குக் கட்டணம் கிடையாது. நிலையான வட்டிக் கடனுக்கு இருக்கலாம், ஒப்பந்தத்தைப் பாருங்கள்.

போனஸில் வந்த 2 லட்சத்தை முதல் வருட முடிவில் கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். நிலுவை 49,00,489-லிருந்து 47,00,489 ஆகும். இ.எம்.ஐ.யை மாற்றாமல் விட்டால் பாக்கி 228 தவணை 207 ஆகிவிடும். மிச்சமாகும் வட்டி சுமார் 7.3 லட்சம். பேங்க் இதையே இ.எம்.ஐ. குறைப்பாகப் போட்டுவிட்டால் மாதம் 1,771 குறையும், ஆனால் மொத்தத்தில் மிச்சம் 2.04 லட்சம்தான். ஒரே 2 லட்சம், ஒரே நாள். படிவத்தில் எந்தக் கட்டத்தில் டிக் அடித்தீர்கள் என்பதில் ஐந்து லட்சத்துக்கு மேல் வித்தியாசம். படிவமே இல்லாமல் ஆப்பில் கட்டினால் தானாக எதை எடுத்துக்கொள்கிறது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அதே 2 லட்சத்தை 15-ஆம் வருட முடிவில் கட்டினால் மிச்சம் சுமார் 99 ஆயிரம். இதைப் பார்த்துத்தான் "கடைசியில் கட்டிப் பயனில்லை" என்கிறார்கள். அது சரியில்லை. இரண்டு இடத்திலும் உங்கள் 2 லட்சம் வருடத்துக்கு அதே 8.5 சதவீதத்தைத்தான் மிச்சம் செய்கிறது. முதல் வருடத்தில் கட்டியது பதினேழு வருடத்துக்கு மேல் வேலை செய்கிறது, பதினைந்தாம் வருடத்தில் கட்டியது நாலரை வருடம் செய்கிறது. பதினைந்தாம் வருடத்தில் கையில் இருக்கும் 2 லட்சத்தை 6.5 சதவீத ஃபிக்சட் டெபாசிட்டில் போடுவதைவிடக் கடனில் கட்டுவதே அப்போதும் லாபம். கேட்க வேண்டிய கேள்வி, இந்தப் பணம் வேறு எங்கே வரி போக 8.5-க்கு மேல் தரும் என்பது மட்டும்தான்.

கட்டும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. கட்டும் தொகை "அசலில் கழிக்க" என்று தெளிவாகப் பதிவாக வேண்டும். கடன் கணக்கு எண்ணுக்கு வெறுமனே நெஃப்ட் அனுப்பினால் சில இடங்களில் அதை வரப்போகும் தவணைகளுக்கான முன்பணமாக ஒதுக்கி வைப்பார்கள். அசல் குறையாது, வட்டியும் குறையாது. கட்டிய மூன்று நாளில் ஸ்டேட்மென்டை எடுத்து நிலுவை அசல் அதே அளவு இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது தேதி. தினசரி நிலுவைக் கணக்கு என்றால் கையில் வந்த அன்றே கட்டுங்கள், 2 லட்சத்துக்கு ஒரு நாள் தாமதம் 47 ரூபாய் வட்டி. மாத நிலுவைக் கணக்கு என்றால் சுழற்சி முடியும் முன் கட்ட வேண்டும். ஒரு நாள் தவறினால் அந்த மாத வட்டி முழுதும் பழைய நிலுவை மீதே போடப்படும்.

8. வேறு பேங்குக்குக் கடனை மாற்றும்போது

ஐந்து வருடம் கழித்து வேறொரு பேங்க் 8 சதவீதத்துக்குத் தருவதாக அழைக்கும். "இ.எம்.ஐ. 43,391-லிருந்து 36,857 ஆகிடும்" என்பார்கள். அந்த எண் பொய்யில்லை. ஆனால் அது 44.06 லட்சத்தை மீண்டும் 20 வருடத்துக்குப் போட்ட கணக்கு. பாக்கி 180 தவணை மறுபடி 240 ஆகிவிட்டது, 3-ஆம் படியின் விதிப்படி வட்டிப் பங்கு அதிகமாக இருக்கும் தொடக்கத்துக்கே திரும்பிவிட்டீர்கள். பழைய பேங்கிலேயே இருந்தால் இனிக் கட்டுவது 78.1 லட்சம். மாறினால் 88.5 லட்சம். வட்டி விகிதம் குறைந்தும் பத்து லட்சம் கூடுதல்.

மாற்றுவதே தவறு என்று சொல்லவில்லை. புதிய பேங்கிலும் 180 தவணைதான் என்று எழுதி வாங்குங்கள். அப்போது இ.எம்.ஐ. 42,110, மொத்தம் 75.8 லட்சம், 2.3 லட்சம் மிச்சம். அதிலிருந்து பிராசஸிங் கட்டணம், வக்கீல் கருத்து, மதிப்பீட்டுக் கட்டணம், உரிமைப் பத்திரங்களை அடமானமாக ஒப்படைக்கும் பதிவுக்கான முத்திரைத் தீர்வை எல்லாவற்றையும் கழியுங்கள். இந்தச் செலவுப் பட்டியலை எழுத்தில் வாங்காமல் விண்ணப்பிக்காதீர்கள். அதற்கு முன் உங்கள் பேங்கிலேயே வட்டியைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். புதிய வாடிக்கையாளருக்குக் குறைவாகக் கொடுத்துக்கொண்டிருந்தால், ஒரு சிறு மாற்றுக் கட்டணத்தில் உங்களுக்கும் குறைப்பார்கள். பத்திரம் எங்கும் நகர வேண்டியதில்லை.

9. கணக்கு உண்மையிலேயே தவறாக இருந்தால்

தொலைபேசியில் பேசுவது வீண், எழுத்தில் கேளுங்கள். கடன் எண், எந்த மாதம், அட்டவணையில் உள்ள எண், ஸ்டேட்மென்டில் உள்ள எண், நீங்கள் போட்ட கணக்கு ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதி, ஸ்டேட்மென்டின் அந்தப் பக்கத்தை இணைத்துக் கிளைக்கும் பேங்கின் குறைதீர்ப்பு மெயிலுக்கும் அனுப்புங்கள். பெங்களூரில் கடன் பிரிவு பெரும்பாலும் கிளையில் இல்லாமல் தனி மையத்தில் இருக்கும், அதனால் கிளை மேலாளரிடம் நேரில் கொடுத்தாலும் முத்திரை போட்ட நகலை வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்புட்ஸ்மனிடம் cms.rbi.org.in தளத்தில் புகார் செய்யலாம், கட்டணம் இல்லை. முதலில் பேங்குக்கு எழுதிய சான்று இல்லாமல் போனால் புகாரை ஏற்க மாட்டார்கள், அதனால் அந்த முதல் மெயிலை அழித்துவிடாதீர்கள்.